வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு வேலூர்ப் புரட்சி: வரலாற்றுப் பாடத்துக்கு வினா-விடைக் கையேடு எழுதிய அனுபவம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகத் தமிழகத்தில் எழுந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகளைப் பற்றி ஓர் அலகு இருக்கிறது. பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை என்று போய் 1806 வேலூர்ப் புரட்சியில் முடியும். வாயால் சொன்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்பார்கள். "அப்புறம் என்ன ஆச்சு மிஸ்?" என்று கேள்வி வேறு வரும். அதே பிள்ளைகளிடம் புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொன்னால் இரண்டாவது பத்தியிலேயே கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

இவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் சுற்றும் மினிமம் மெட்டீரியல் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பாடநூல் பத்தியையே எடுத்து, மேலே ஒரு கேள்வியை வைத்து, கொஞ்சம் நறுக்கியிருப்பார்கள். பக்கம் குறைந்திருக்கும், ஆனால் வாக்கியம் பழைய வாக்கியமாகவே இருக்கும். பிள்ளை தடுக்கி விழுவது அந்த வாக்கியத்தில்தான். அதனால் என் வகுப்புக்கு நானே எழுத உட்கார்ந்தேன். முதலில் எடுத்தது வேலூர்ப் புரட்சி. அலகிலேயே பெயர்களும் காரணங்களும் அதிகமாகக் குவிந்திருக்கும் பகுதி அதுதான்.

தடுக்கி விழுவது என்றால் எப்படி என்று சொல்கிறேன். பாடநூல் நடையில் நான் எழுதிப் பார்த்த வாக்கியம் இது: "திப்புவின் குடும்பத்தினர் சிறைவைக்கப்பட்டிருந்த வேலூர்க் கோட்டையில் பணியமர்த்தப்பட்டிருந்த இந்தியச் சிப்பாய்கள், புதிய இராணுவ விதிமுறைகளால் தங்கள் சமய உணர்வுகள் புண்படுத்தப்பட்டதாகக் கருதிக் கிளர்ச்சியில் ஈடுபட்டனர்." ஒரு பையனைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "சிறை... வைக்க... ப்பட்டி... ருந்த" என்று எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்தான். படித்து முடித்ததும், "யாரை சிறையில வச்சிருந்தாங்க?" என்று கேட்டேன். "சிப்பாய்ங்கள மிஸ்" என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோட்டைக்கு முன்னால் ஒரு எச்சம், சிப்பாய்க்கு முன்னால் ஒரு எச்சம் என்று அடுக்கியிருக்கிறோம். 'ஈடுபட்டனர்' என்ற வினை கடைசியில் வந்து சேர்வதற்குள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்குத் தொடக்கத்தில் யார் இருந்தார் என்பது நழுவிவிடும். வேகமாகப் படிக்கிற நமக்கு இது தெரிவதே இல்லை.

எனவே கையேட்டுக்கு நான் வைத்துக்கொண்ட முதல் ஒழுங்கு: ஒரு வாக்கியத்தில் ஒருவர், ஒரு செயல். '-பட்டது', '-பட்டிருந்த' எல்லாவற்றையும் பிரித்து, யார் செய்தார் என்று முன்னால் வைக்க வேண்டும். 'அவர்கள்', 'இவர்கள்' என்று எழுதாமல் பெயரையே மறுபடி சொல்ல வேண்டும். நமக்கு அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். மேலே சொன்ன வாக்கியம் கையேட்டில் இப்படி ஆனது:

திப்பு சுல்தான் 1799இல் போரில் இறந்தார். ஆங்கிலேயர் திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். அதே கோட்டையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். ஆங்கிலேயர் சிப்பாய்களுக்குப் புதிய விதிகள் கொண்டு வந்தனர். அந்த விதிகள் தங்கள் மதத்துக்கு எதிரானவை என்று சிப்பாய்கள் நினைத்தனர். அதனால் சிப்பாய்கள் புரட்சி செய்தனர்.

ஒன்று ஆறானது, நீளமும் கூடியது. ஆனால் அதே பையன் இதைப் படித்துவிட்டு, யார் சிறையில் இருந்தார்கள் என்பதைச் சரியாகச் சொன்னான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. வாக்கியத்தைச் சின்னதாக்குகிறேன் என்று 'அதனால்', 'ஏனென்றால்', 'ஆனால்' இவற்றையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. "புதிய விதிகள் வந்தன. சிப்பாய்கள் கோபப்பட்டனர். புரட்சி நடந்தது." படிக்க எளிதுதான், ஆனால் எதனால் எது என்பது போய்விட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளை அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். நாம் யாருக்காக எழுதுகிறோமோ அந்தப் பிள்ளையால் அது முடியாது. 'அதனால்' இருக்க வேண்டிய இடத்தில் இருந்தே ஆக வேண்டும். நான் அந்த இணைப்புச் சொற்களைத் தடித்த எழுத்தில்கூடப் போடுகிறேன்.

அடுத்து கேள்விகள். "1806 புரட்சியின் கூறுகளை விளக்குக" என்பது தேர்வுக் கேள்வி. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அது ஒரு சுவர். எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அதைச் சின்னக் கேள்விகளாக உடைக்க வேண்டும். பாடநூலின் பத்தி வரிசையில் உடைக்கக் கூடாது. ஒரு விடை அடுத்த கேள்வியைக் கிளப்புகிற வரிசையில் உடைக்க வேண்டும். வேலூருக்கு எனக்கு வந்த வரிசை: கோட்டைக்குள் யார் யார் இருந்தார்கள்? ஆங்கிலேயர் என்ன மாற்றம் கொண்டு வந்தனர்? சிப்பாய்களுக்கு ஏன் கோபம் வந்தது? ஜூலை 10 அன்று என்ன நடந்தது? கோட்டை எப்படித் திரும்ப ஆங்கிலேயர் கைக்குப் போனது? பிறகு என்ன ஆனது? மொத்தம் ஆறுதான். இந்த ஆறையும் கோவையாகச் சொல்ல முடிந்த பிள்ளைக்குப் பாடம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் கையேட்டில் எப்படி இருக்கின்றன என்று காட்டுகிறேன்.

ஆங்கிலேயர் சிப்பாய்களுக்கு என்ன புதிய விதிகள் கொண்டு வந்தனர்?
நெற்றியில் மதக்குறி இடக் கூடாது.
காதில் கடுக்கன் அணியக் கூடாது.
தாடியை மழிக்க வேண்டும்.
புதிய தலைப்பாகை அணிய வேண்டும்.

புதிய தலைப்பாகை மீது சிப்பாய்களுக்கு ஏன் கோபம்?
புதிய தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது. அது பசுவின் தோல் அல்லது பன்றியின் தோல் என்று சிப்பாய்கள் நம்பினர். இந்துக்களுக்குப் பசு புனிதமானது. முஸ்லிம்களுக்குப் பன்றி விலக்கப்பட்டது. அதனால் இரு மதத்துச் சிப்பாய்களும் எதிர்த்தனர்.

'என்று நம்பினர்' என்பதைக் கவனியுங்கள். எளிமை வேண்டும் என்று "அது பசுத்தோல்" என்று அடித்துவிடத் தோன்றும். வரலாற்றில் சிப்பாய்கள் நம்பியதும், உண்மையில் இருந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொல் பிள்ளைக்குப் பாரமே இல்லை, எடுத்துவிட்டால் செய்தி தவறாகிவிடும். எளிமைப்படுத்தும்போது வாக்கியத்தைத்தான் உடைக்கிறோம், விஷயத்தை உடைக்கக் கூடாது.

இதே கேள்வியில் இன்னொரு தொல்லை உண்டு. பசு, பன்றி என்றதும் பிள்ளைகள் 1857க்குத் தாவிவிடுவார்கள். அங்கே என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் தடவிய கொழுப்பு, இங்கே தலைப்பாகையில் இருந்த தோல். விடைத்தாளில் "வேலூரில் சிப்பாய்கள் தோட்டாவைக் கடிக்க மறுத்தனர்" என்று எழுதியிருப்பார்கள். தனித்தனிக் கேள்வியாக எத்தனை முறை படித்தாலும் இந்தக் குழப்பம் தீராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் தீரும். அதற்கென்றே ஒரு கேள்வி சேர்த்தேன்: "1806இல் எதில் தோல்? 1857இல் எதில் கொழுப்பு?" தேர்வில் இப்படி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் கையேட்டில் இருக்க வேண்டிய கேள்வி இது. வில்லியம் பெண்டிங் கதையும் இப்படித்தான். 1829இல் சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழித்தவர் என்று வேறொரு பாடத்தில் படித்திருப்பார்கள். 1806இல் அவர் சென்னை மாகாண ஆளுநர். இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், இல்லையென்றால் இரண்டு பெண்டிங் இருந்ததாகவே சில பிள்ளைகள் முடிவு கட்டிவிடும்.

ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் வர வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. "1799இல் என்ன நடந்தது?" என்று எழுதி வைத்தால், அதே அலகில் அதற்கு இரண்டு விடை இருக்கிறது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டனர். தடுமாறுகிற பிள்ளை ஒன்றைச் சொல்லும், நாம் மற்றதை எதிர்பார்த்துத் தலையாட்டுவோம், அதற்குப் பிறகு அது வாயே திறக்காது. கேள்வியிலேயே இடத்தைச் சேர்த்து, "1799இல் கயத்தாற்றில் ஆங்கிலேயர் யாரைத் தூக்கிலிட்டனர்?" என்று மாற்றிவிட்டால் குழப்பம் இல்லை.

பெயர்களைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். வேலூர்ப் பகுதியில் எத்தனை ஆங்கிலப் பெயர்! ஃபேன்கோர்ட், மெக்கெராஸ், ஆர்ம்ஸ்ட்ராங், கோட்ஸ், ஜில்லஸ்பி, கிரடாக், அக்னியூ, பெண்டிங். தமிழ்ச் சொல்லையே கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் தனி மலை. நான் பெயர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடுகிறேன். எழுதத் தெரிய வேண்டிய பெயர்கள் ஒரு பக்கம், பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும் என்ற பெயர்கள் மறுபக்கம். முதல் வகையில் மூன்றே மூன்று: ஆற்காட்டில் இருந்து குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்த ஜில்லஸ்பி, சிப்பாய்கள் தங்கள் அரசராக அறிவித்த திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதர், புதிய விதிகளுக்குப் பொறுப்பான படைத்தலைவர் கிரடாக். மற்றவர்கள் ஒரு மதிப்பெண் வினாவில் நான்கு விருப்பங்களுக்குள் வருவார்கள். அங்கே எழுத வேண்டியதில்லை, கண்டுபிடித்தால் போதும். ஐந்து மதிப்பெண் விடையில் மேஜர் கோட்ஸ் பெயர் இல்லாமல் "கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார்" என்று எழுதினாலும் கதை நிற்கும்.

பாடநூலில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே கையேடு முழுவதும் வைக்க வேண்டும். ஒரு இடத்தில் ஜில்லஸ்பி, இன்னொரு இடத்தில் கில்லெஸ்பி என்று இருந்தால் இவர்கள் அதை இரண்டு ஆள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சொற்களை எளிமையாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. தாள் திருத்துகிறவர் விடைக்குறிப்பில் உள்ள முக்கியச் சொல்லைத் தேடுவார். 'தலைப்பாகை', 'சிப்பாய்', 'மைசூர் புலிக்கொடி' போன்றவை அப்படியே இருக்க வேண்டும். பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் முதல் முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு, பிறகு அதே சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சுற்றியிருக்கிற 'அறிமுகப்படுத்தினர்', 'மேற்கொண்டனர்', 'அதிருப்தியுற்றனர்' மாதிரிச் சொற்களைத் தாராளமாக மாற்றலாம். அவற்றுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் தேர்வில் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். "சிப்பாய்களுக்கு ஏன் கோபம்?" என்று படித்த பிள்ளை, வினாத்தாளில் "வேலூர்ப் புரட்சிக்கான உடனடிக் காரணங்கள் யாவை?" என்று பார்த்ததும் அது வேறு கேள்வி என்று விட்டுவிடும். விடை நெஞ்சுக்குள் இருக்கும், கேள்வி அதன் கதவைத் தட்டாது. அதனால் ஒவ்வொரு விடைக்கும் கீழே 'தேர்வில் இப்படியும் கேட்பார்கள்' என்று இரண்டு வடிவங்கள் சேர்க்கிறேன். பயிற்சி கொடுக்கும்போது நேரடிக் கேள்வியைக் கேட்பதில்லை, இந்த மாற்று வடிவத்தைத்தான் கேட்பேன். பெரிய கேள்விக்கு, எந்தச் சின்ன விடைகளைச் சேர்த்து எழுத வேண்டும் என்று எண் போட்டுக் காட்டிவிடலாம். 'காரணங்கள்' என்றால் 1, 2, 3. 'நிகழ்வுகள்' என்றால் 4, 5. 'கூறுகளை விளக்குக' என்றால் எல்லாம். ஒரு பெண் விடைத்தாளில் விடைக்குப் பதில் "1, 2, 3" என்றே எழுதிவைத்துவிட்டாள் என்பது தனிக் கதை. இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் 'எழுது' என்ற சொல்லும் இருக்கிறது.

நான்காவது விடை கதையாகவே இருக்கலாம். அதில்தான் பிள்ளைகளுக்கு உற்சாகம். இரவு 2 மணிக்குத் துப்பாக்கிச் சத்தம், கோட்டைத் தலைவர் ஃபேன்கோர்ட் கொலை, கோட்டை மேல் மைசூர் புலிக்கொடி, அரசராக ஃபதே ஹைதர். நேர வரிசை மட்டும் பிசகக் கூடாது. "ஜில்லஸ்பி வருவதற்கு முன்பே புலிக்கொடி ஏற்றப்பட்டிருந்தது" என்று எழுதினால், வாக்கியத்தில் முதலில் வந்தது முதலில் நடந்தது என்றுதான் இவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நடந்த வரிசையிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நேரத்தை வைத்துவிடலாம்: இரவு, விடியற்காலை, காலை. அன்று பகலுக்குள் கோட்டை ஜில்லஸ்பி கையில் போய்விட்டது. ஆறாவது விடையில் திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதும், கிரடாக்கையும் பெண்டிங்கையும் இங்கிலாந்து திரும்ப அழைத்துக்கொண்டதும், புதிய விதிகளை நீக்கியதும் இருந்தால் போதும்.

இனி தாள். கையேடு கடைசியில் ஜெராக்ஸ் கடையில்தான் முடியும். கணினியில் அழகாக இருந்தது அங்கே என்ன ஆகும் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். வண்ணம் வீண். சின்ன எழுத்தில் அடித்து, மை குறைந்த இயந்திரத்தில் நகல் எடுத்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'சிப்பாய்கள்' என்பது 'சிபபாயகள' ஆகிவிடும். நாம் ஊகித்துப் படித்துவிடுவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அதை அப்படியேதான் கூட்டுவான். எழுத்தளவு 14க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன், 16 இருந்தால் இன்னும் நல்லது. அடிக்கோடும் வேண்டாம். 'கு', 'மு', 'பூ' போன்ற எழுத்துகளின் கீழ்ச் சுழியில் கோடு போய் முட்டும், உகரமா ஊகாரமா என்றே தெரியாது. முக்கியச் சொல்லுக்குத் தடித்த எழுத்தே போதும். இரண்டு ஓரத்தையும் சமமாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வரிக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும், சில நேரம் சொல்லே இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போகும். 'கோட்டையிலிருந்து' என்பதைக் 'கோட்டையில் இருந்து' என்று பிரித்து எழுதிவிட்டால் அந்தத் தொல்லையும் குறையும், படிக்கவும் எளிது.

தாளை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை என்று அமைக்கிறேன். நடுவில் மடித்தால் விடை மறைந்துவிடும். கேள்வியைப் பார்த்து வாயால் சொல்லிவிட்டு, திருப்பிச் சரிபார்க்கலாம். கேள்விக்குக் கீழேயே விடை இருந்தால் கண் தானாக அங்கே இறங்கிவிடும், பிள்ளை தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் சக ஆசிரியரிடம் காட்டுவது வழக்கம். செய்திப் பிழை பார்க்க அவர் வேண்டும்தான். ஆனால் வாசிப்புக்குக் கடினமா எளிதா என்று அவரால் சொல்ல முடியாது, அவருக்கு எல்லாமே எளிது. வகுப்பில் மிகவும் தடுமாறிப் படிக்கிற ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். நான் இன்னொரு நகலை வைத்துக்கொண்டு, அது நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போவேன். ஒரு சொல்லில் நின்றால் சொல்லை மாற்ற வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனால் வாக்கியத்தை உடைக்க வேண்டும். தடங்கலே இல்லாமல் படித்துவிட்டு, "ஏன் ஆற்காட்டுல இருந்து படை வந்துச்சு?" என்ற கேள்விக்கு விழித்தால், நடுவில் ஒரு காரணத்தை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஆற்காடு வேலூருக்குப் பக்கம், சுமார் 25 கிலோமீட்டர்தான், அங்கே ஆங்கிலேயரின் குதிரைப்படை இருந்தது என்ற வரி அப்படித்தான் உள்ளே வந்தது.

எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தாள் உதவாது, எவ்வளவு எளிமையாக எழுதினாலும் அது தாள்தான். ஆறு கேள்வியையும் வாயாலேயே கேட்டு வாயாலேயே சொல்ல வைக்கிறேன். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை கேள்வியைப் படிக்கும், இவர்கள் பதில் சொல்வார்கள். தேர்வுக்கு அவர்கள் எழுதிப் பழகுவது ஒரு மதிப்பெண் வினாக்களும், 1799, 1801, 1805, 1806 என்ற நான்கு ஆண்டுகள் உள்ள காலக்கோடும்தான். கட்டபொம்மன், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை, வேலூர் என்று ஆண்டுக்கு ஒரு பெயர்.